24 பேர் வேலை செய்யும் பட்டறை: பணிக்கொடைக்கு 4.81 சதவீதம் ஒதுக்கினால் போதுமா?

கணபதி கணக்கர்

வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் கடையும் பட்டறை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். மொத்தம் 24 பேர். ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கு ஊழியர் நலச் செலவு எவ்வளவு ஆகும் என்று முதலாளி ஒரே தொகையாகக் கேட்கிறார். இதுவரை அப்படி ஒரு தொகையை நாங்கள் போட்டதே இல்லை.

இப்போது ஏன் கேட்கிறார் என்றால், போன நவம்பரில் எங்கள் மூத்த லேத் ஆபரேட்டர் ஓய்வு பெற்றார். பணிக்காலம் 17 ஆண்டு 8 மாதம். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 27,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு ஆண்டு என்பதால் 18 ஆண்டாக எடுத்துப் பணிக்கொடை 2,80,385 வந்தது. பாக்கியிருந்த 30 நாள் ஈட்டிய விடுப்புக்கு 31,154. இரண்டும் சேர்ந்து 3 லட்சத்துக்கு மேல். கையில் பணம் இல்லை. வங்கியின் கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அந்த மாதம் இரும்பு வாங்கவே திணறினோம்.

மாத அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் ஒதுக்கினால் பணிக்கொடை சரியாகிவிடும் என்று எங்கும் எழுதியிருக்கிறது. எங்கள் 24 பேரின் மாத அடிப்படைச் சம்பளம் ஏப்ரலில் 8 சதவீத உயர்வுக்குப் பின் 4,08,000 ஆகும். அதற்கு ஆண்டுக்கு 2.35 லட்சம் வருகிறது. அதோடு மருத்துவக் காப்பீட்டையும் விடுப்புப் பணத்தையும் கூட்டிக் கொடுத்துவிடலாமா?

---

கோபி அரிசி ஆலை

போதும் தம்பி. பணியாண்டு ஒன்றுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு. 15ஐ 26ஆல் வகுத்து, அதை 12ஆல் வகுத்தால் 4.81 சதவீதம். சட்டக் கணக்கே அதுதான். நாங்கள் ஆறு ஆண்டாக மார்ச் மாதம் அந்தத் தொகைக்கு ஒரு பதிவு போட்டுவிடுகிறோம். லாபம் குறைகிறது, வரியும் குறைகிறது, பணமும் பத்திரமாக இருக்கிறது. இதில் குழம்ப ஒன்றுமில்லை.

---

பழைய தணிக்கையாளர்

கோபி ஐயா, வகுத்தல் சரிதான். ஆனால் அது போதும் என்பது, பணம் பத்திரம் என்பது, வரி குறையும் என்பது மூன்றும் சரியில்லை. சண்டைக்கு வரவில்லை, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 4.81. இந்த ஆண்டு உழைப்புக்கு, இந்த ஆண்டுச் சம்பளத்தில் எவ்வளவு சேர்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஆனால் பணிக்கொடை கடைசிச் சம்பளத்தில் கொடுக்கப்படுவது. நீங்கள் ஒருவருக்குச் சம்பளம் உயர்த்தும் நாளில், அவர் உழைத்து முடித்த பழைய ஆண்டுகள் அத்தனைக்கும் விலை ஏறிவிடுகிறது. அந்த ஏற்றம் 4.81க்குள் இல்லை.

உங்கள் பட்டறையிலேயே இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 14 ஆண்டு முடித்தவர், அடிப்படைச் சம்பளம் 24,000. இன்று விலகினால் அவருக்குச் சேர வேண்டியது 1,93,846. அடுத்த மார்ச்சில் சம்பளம் 26,000, பணிக்காலம் 15 ஆண்டு. அப்போது சேர வேண்டியது 2,25,000. ஓராண்டில் கூடியது 31,154. 4.81 கணக்கில் நீங்கள் ஒதுக்கியிருப்பது 15,000. பாதிகூட இல்லை.

இன்னொருவர் 2 ஆண்டு முடித்தவர், 12,000 வாங்குகிறார். அடுத்த ஆண்டு 13,000. அவருடைய தொகை 13,846இலிருந்து 22,500 ஆகிறது. கூடியது 8,654. 4.81 கணக்கில் 7,500. பெரிய வித்தியாசம் இல்லை.

இருவருக்கும் ஒரே விகித உயர்வுதான். பழைய ஆள் பட்டறையைத் தாங்குகிறவர், அவர் கணக்கில்தான் பள்ளம் விழுகிறது. புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு 4.81 ஓரளவு பொருந்தும். பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய கம்பெனிக்குப் பொருந்தாது.

இரண்டாவது, பதிவு போட்டால் பணம் பத்திரம் என்பது. பேரேட்டில் எழுதிய வரி பெட்டியில் இருக்கும் ரூபாய் ஆகிவிடாது. ஐயா, அந்த ஆறு ஆண்டுத் தொகை இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். நெல் மூட்டையாக இருக்கும்.

மூன்றாவது, வரி. வெறும் ஒதுக்கீட்டுப் பதிவுக்கு வருமான வரியில் கழிவு கிடையாது. ஊழியருக்குக் கொடுத்தால், அல்லது அங்கீகரிக்கப்பட்ட பணிக்கொடை நிதியில் கட்டினால்தான் கழிவு. விடுப்புப் பணத்துக்கு இன்னும் கடுமை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் கழியும். அந்த விதியை எதிர்த்து நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. உங்கள் ஆடிட்டர் வருமானக் கணக்கில் அந்தத் தொகையை மீண்டும் கூட்டியிருப்பார், உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

---

கோபி அரிசி ஆலை

கேட்டேன். கூட்டித்தான் இருக்கிறார். ஆறு ஆண்டாக வரி குறைந்தது என்று வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். நெல் மூட்டை விஷயமும் உண்மைதான்.

---

வெள்ளலூர் வாசகி

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் ஒரு நிறுவனத்தில் 4 ஆண்டு 9 மாதம் வேலை பார்த்து விலகினேன். வாரம் ஆறு நாள் வேலை. ஐந்து ஆண்டு ஆகவில்லை, பணிக்கொடை இல்லை என்கிறார்கள். இன்சூரன்ஸ் அட்டையையும் அன்றே வாங்கிக்கொண்டார்கள். இது சரியா?

---

பழைய தணிக்கையாளர்

அம்மா, இந்த இழை கம்பெனியின் பக்கத்துக் கணக்கு. இருந்தாலும் சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 9 மாதத்தில் விடுமுறைகள் போக 240 தேறுமா என்பதுதான் உங்கள் கேள்வி. வாராந்திர ஓய்வைச் சேர்ப்பதா கழிப்பதா என்பதிலேயே வாதம் வரும். வருகைப் பதிவையும் சம்பளச் சீட்டுகளையும் வைத்து எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் போகலாம். காப்பீட்டு அட்டை வேறு சங்கதி, குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும்.

கணபதி தம்பி, இது உங்களுக்கும் பாடம். "ஐந்து ஆண்டு ஆகவில்லை, கணக்கில் வேண்டாம்" என்று யாரையும் தள்ளிவிடாதீர்கள். வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்துபோனால் ஐந்து ஆண்டு நிபந்தனையே கிடையாது.

---

கணபதி கணக்கர்

அப்படியென்றால் நான் எப்படிக் கணக்கிட வேண்டும்? 24 பேருக்காக, இந்தக் கடனை மதிப்பிட்டுச் சொல்லும் ஆக்சுவரியைத் தேடிப் போக முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார்.

---

பழைய தணிக்கையாளர்

போக வேண்டாம். நீங்கள் சிறு நிறுவன வகைக்குள் வந்து, சராசரியாக 50 பேருக்குக் குறைவாக வைத்திருந்தால், கணக்கியல் தரம் 15 உங்களுக்கு எளிய வழியை அனுமதிக்கிறது. ஆண்டின் கடைசி நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் விலகினால் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். அதுதான் அன்றைய கடன். நியாயமான வேறு முறையும் இருக்கலாம், ஆனால் சிறிய பட்டறைக்கு இதைவிடப் புரியக்கூடியது இல்லை.

ஒரு விரிதாள் போதும். B நெடுவரிசையில் அடிப்படையும் பஞ்சப்படியும், C நெடுவரிசையில் பணியாண்டு.

```
=ROUND(B2*15/26*C2,0)
```

இதை இரண்டு முறை செய்யுங்கள். இந்த மார்ச் 31க்கு இன்றைய சம்பளத்தில் ஒரு முறை. அடுத்த மார்ச் 31க்கு, உயர்த்தப்போகும் சம்பளத்திலும் கூடுதலான ஓர் ஆண்டிலும் இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பட்ஜெட் செலவு. ஒருவருக்கான தொகை 20 லட்சத்தைத் தாண்டினால் சட்டத்தின் உச்சவரம்பில் நிறுத்துங்கள். உங்கள் பட்டறையில் அந்தக் கவலை இருக்காது என்று நினைக்கிறேன்.

புதியவர்கள் பலர் ஐந்து ஆண்டுக்குள் போய்விடுவார்கள் என்பது உண்மை. உங்கள் பழைய வருகைப் பதிவை எடுத்து, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்து ஆண்டைத் தாண்டினார்கள் என்று எண்ணி, அந்த விகிதத்தில் புதியவர்களின் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பதிவிலிருந்து எடுத்த விகிதமாக இருக்க வேண்டும், ஊகமாக இருக்கக் கூடாது.

---

கணபதி கணக்கர்

இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். யாரையும் குறைக்காமல், இந்த மார்ச்சில் கடன் ஏறக்குறைய 13.95 லட்சம். அடுத்த மார்ச்சில் 17.42 லட்சம். வித்தியாசம் 3.47 லட்சம். நான் முதலாளியிடம் கொடுக்கவிருந்தது 2.35. ஒரு லட்சத்துக்கு மேல் துண்டு விழுந்திருக்கும், அதுவும் ஒவ்வோர் ஆண்டும்.

ஆனால் என்னை உலுக்கியது அந்த 13.95. அது எங்கள் இருப்புநிலைக் குறிப்பில் எங்குமே இல்லை.

---

மீனா, மனிதவளம்

பணிக்கொடையை ஐயா பார்த்துக்கொள்வார். நான் காப்பீட்டைப் பற்றிக் கேட்கிறேன். 24 பேரில் இஎஸ்ஐயில் எத்தனை பேர்? குழு மருத்துவக் காப்பீட்டில் எத்தனை பேர்? பெற்றோரைச் சேர்த்திருக்கிறீர்களா? போன ஆண்டு க்ளெய்ம் எவ்வளவு?

---

கணபதி கணக்கர்

மொத்தச் சம்பளம் 21,000க்குள் உள்ள 15 பேர் இஎஸ்ஐ. மீதி 9 பேருக்கு 3 லட்சம் குழுக் காப்பீடு, கணவன் மனைவி இரண்டு பிள்ளைகள் வரை. பெற்றோர் இல்லை. போன ஆண்டு பிரீமியம் 1,08,000, ஜிஎஸ்டி சேர்த்து 1,27,440. ஒருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், 2,60,000 க்ளெய்ம். புதுப்பிக்க 1,62,000 கேட்கிறார்கள். 10 சதவீதம் ஏறும் என்று எழுதி வைத்திருந்தேன்.

---

மீனா, மனிதவளம்

அங்கேதான் இடறுகிறது. வீட்டுக்கு எடுக்கும் பாலிசியில் உங்கள் ஒரு க்ளெய்முக்காக உங்கள் பிரீமியத்தை மட்டும் தனியாக ஏற்ற மாட்டார்கள். குழுக் காப்பீட்டில் உங்கள் குழுவின் க்ளெய்மைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். நீங்கள் கட்டியது 1.08 லட்சம், அவர்கள் கொடுத்தது 2.60 லட்சம். ஒன்பது குடும்பம் என்பது மிகச் சிறிய குழு, ஒரே ஒரு ஸ்டென்ட் எல்லாவற்றையும் புரட்டிவிடும். அதனால் சிறிய கம்பெனிகள் இந்த வரிக்குச் சதவீத உயர்வு போட்டுப் பயனில்லை. ஆண்டு நடுவிலேயே க்ளெய்ம் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்த்தாலே வரப்போகும் விலை தெரிந்துவிடும். பட்டியல் கையில் இருந்தால்தான் வேறு நிறுவனத்திடமும் விலை கேட்க முடியும். பாலிசி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்க வேண்டும். கடைசி வாரத்தில் போனால் சொன்ன விலைதான்.

விலையைக் குறைக்கிறோம் என்று முகவர் அறை வாடகை வரம்பைக் கீழே இறக்கித் தருவார். அதில் கவனம். வரம்புக்கு மேற்பட்ட அறையில் சேர்ந்தால் அறை வாடகை வித்தியாசத்தோடு நிற்காது, மருத்துவர் கட்டணம் முதற்கொண்டு அதே விகிதத்தில் வெட்டுவார்கள். உங்கள் ஆள் உங்களிடம்தான் வந்து நிற்பார்.

தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி நீங்கியது, குழு பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. அதையும் செலவாகவே எழுதுங்கள்.

இன்னொன்று. ஏப்ரல் உயர்வில் எத்தனை பேர் 21,000ஐத் தாண்டுகிறார்கள்?

---

கணபதி கணக்கர்

மூன்று பேர். 20,400 வாங்குகிறவர்கள், 22,032 ஆகிறார்கள். நான் அதைப் பார்க்கவே இல்லை.

---

மீனா, மனிதவளம்

அந்த மூன்று பேருக்கு இப்போது இஎஸ்ஐக்கு நீங்கள் கட்டுவது 3.25 சதவீதம், ஆளுக்கு ஆண்டுக்கு 7,956. குழுக் காப்பீட்டுக்கு வந்தால் இப்போதைய விலையில் குடும்பத்துக்கு 18,000, வரியோடு 21,240. 1,600 ரூபாய் சம்பள உயர்வுக்குப் பின்னால் இந்த 13,000 ஒளிந்திருக்கிறது.

பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு. ஏப்ரல் முதல் தேதியிலேயே வரம்பைத் தாண்டினால் ஏப்ரலிலேயே வெளியே. மே மாதம் உயர்த்தினால் செப்டம்பர் வரை உள்ளே இருப்பார்கள். ஏப்ரலில் வெளியே வந்தாலும் முன்பு கட்டியதற்கான பலன் டிசம்பர் வரை உண்டு. அதை நம்பிக் குழுக் காப்பீட்டில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். இஎஸ்ஐ தரும் நோய்க்கால ஊதியம் போன்றவை காப்பீட்டு நிறுவனத்திடம் கிடையாது என்பதையும் அந்த மூன்று பேரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். இஎஸ்ஐ போவதை உயர்வு என்று எல்லாரும் நினைப்பதில்லை.

---

சிவகாசி அச்சகம்

எதற்கு இந்த வம்பு? அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து மீதியைப் படிகளாகக் கொடுத்தால் பணிக்கொடையும் குறையும், விடுப்புப் பணமும் குறையும். எங்கள் அலுவலகப் பணியாளர்களுக்கு அடிப்படை 40 சதவீதம்தான்.

---

பழைய தணிக்கையாளர்

அந்த வாசல் மூடிவிட்டது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தில் சேரும். 40,000 சம்பளத்தில் 16,000 அடிப்படை என்று எழுதியிருந்தாலும் பணிக்கொடைக்கு 20,000 என்று எடுக்க வேண்டி வரும். கடன் கால்வாசி கூடுகிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

சிவகாசி அச்சகம்

நவம்பருக்கு முந்தைய ஆண்டுகளுக்குமா? அன்று இருந்த சட்டப்படிதானே அந்த ஆண்டுகள் கழிந்தன?

---

பழைய தணிக்கையாளர்

கடைசி ஊதியத்தை மொத்தப் பணியாண்டுகளால் பெருக்குவதுதான் கணக்கு. அதனால் பழைய ஆண்டுகளுக்கும் புதிய ஊதியமே என்று நான் எடுக்கிறேன். உங்களைப் போல் வாதிடுகிற வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். பட்ஜெட்டில் பெரிய எண்ணைப் போடுங்கள். வழக்கில் சின்ன எண் வென்றால் மகிழ்ச்சிதானே.

---

சிவகாசி அச்சகம்

மகிழ்ச்சி உங்களுக்கு, பணம் எனக்கு. நான் என் வக்கீலிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

---

கணபதி கணக்கர்

விடுப்புக்கு வருகிறேன். 24 பேருக்கும் சேர்த்து 410 நாள் ஈட்டிய விடுப்பு பாக்கி. மாத அடிப்படையை 26ஆல் வகுத்தால் இன்று 2.48 லட்சம். உயர்வுக்குப் பின் ஒரு நாள்கூடக் கூடாமலே 2.68 லட்சம் ஆகிறது. இதுவும் அதே நோய்தான் என்று இப்போது புரிகிறது.

---

கோபி அரிசி ஆலை

நாங்கள் 30ஆல் வகுக்கிறோம். மாதச் சம்பளம் என்றால் மாதத்துக்கு 30 நாள்தானே?

---

பழைய தணிக்கையாளர்

இந்த ஒன்றில் கோபி ஐயாவை முழுதாகத் தவறு என்று சொல்ல மாட்டேன். 26 என்பது பணிக்கொடைச் சட்டத்தில் எழுதிய எண். விடுப்புக்குக் கம்பெனியின் விதியும் வழக்கமும் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். கணபதி தம்பி நவம்பரில் ஒருவருக்கு 26ஆல் வகுத்துக் கொடுத்துவிட்டார். இனி அடுத்தவருக்கு 30 என்றால் கேள்வி வரும். 26ஆகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பணிக்கொடையைப் போல் அல்லாமல் இந்தக் கடனை நீங்கள் குறைக்க முடியும். விடுப்பை எடுக்க விடுங்கள். ஆர்டர் குறையும் மாதம் எதுவென்று உங்களுக்குத் தெரியும், பொங்கலுக்கு முன்பின் நாள்களும் இருக்கின்றன. ஆளுக்கு 15 நாளுக்கு மேல் உள்ளதை மார்ச்சிலேயே பணமாகக் கொடுத்துவிட்டால் இன்றைய சம்பளத்தில் முடிகிறது, வரியிலும் இந்த ஆண்டே கழிகிறது. வாங்குகிறவருக்கு அது அந்த ஆண்டுச் சம்பள வருமானம். ஓய்வின்போது கிடைக்கும் வரிவிலக்கு வேலையில் இருக்கும்போது வாங்கினால் இல்லை. உங்கள் ஆள்களில் பலருக்கு வரி வரம்பே வராது என்பதால் எதிர்ப்பு இருக்காது.

---

ஈரோடு நெசவு

பணிக்கொடைக்கு நாங்கள் எல்ஐசியின் குழுத் திட்டத்துக்குப் போனோம். அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, வருமான வரி ஆணையரிடம் அங்கீகாரம் வாங்க வேண்டியிருந்தது. அலைச்சல்தான். பழைய ஆண்டுகளுக்கான தொகையை நான்கு தவணையாகக் கட்டினோம். வேலையில் இருக்கும்போது யாராவது இறந்தால் மீதிப் பணிக்காலத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஆயுள் காப்பீடும் அதோடு வருகிறது. எங்களுக்கு அது ஒருமுறை கை கொடுத்தது. அந்தத் தங்கைக்கு அப்போது 31 வயது.

குறையும் சொல்லிவிடுகிறேன். போட்ட பணத்தை அவசரத்துக்கு எடுக்க முடியாது. எங்கள் அண்ணன் இதையே குறை என்கிறார், நான் இதற்காகத்தான் போனோம் என்கிறேன்.

---

பழைய தணிக்கையாளர்

ஆண்டுதோறும் கட்டும் தொகைக்கு ஊதியத்தில் 8.33 சதவீதம் வரைதான் வரிக்கழிவு. கணபதி தம்பிக்கு 3.47 லட்சம் என்பது ஏறக்குறைய 7.1 சதவீதம், உள்ளே அடங்குகிறது.

முதலாளியிடம் ஒரே தொகையாகக் கொடுக்காதீர்கள். இரண்டாகக் கொடுங்கள். ஒன்று ஆண்டின் செலவு. இன்னொன்று பன்னிரண்டு மாதத்தில் வங்கியிலிருந்து வெளியே போகும் பணம், எந்த மாதம் என்பதோடு. நவம்பரில் உங்களை இடறியது செலவு இல்லை, மாதம். பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி. 58ஐ நெருங்குகிறவர்களின் பிறந்த தேதிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

கணபதி கணக்கர்

இன்று காலை முதலாளியிடம் கொடுத்தேன். பணிக்கொடை இந்த ஆண்டுக்கு 3.47 லட்சம். குழுக் காப்பீடு 12 குடும்பத்துக்கு 2.55 லட்சம், மீதி 12 பேருக்கு இஎஸ்ஐ ஏறக்குறைய 82,000. விடுப்பில் 15 நாளுக்கு மேல் உள்ளதை இந்த மார்ச்சிலேயே தீர்த்துவிடலாம் என்றார். பழைய 13.95 லட்சத்தைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, மூன்று ஆண்டில் கட்டலாமா என்று எல்ஐசியில் விசாரிக்கச் சொன்னார். காப்பீட்டில் ஊழியரிடம் பாதிப் பிரீமியம் பிடிக்கலாமா என்றும் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

ஐயா சொன்னபடி பிறந்த தேதிகளையும் எடுத்தேன். அடுத்த 18 மாதத்தில் இருவர் ஓய்வு. அதில் எங்கள் ஃபோர்மேன், 21 ஆண்டு ஆனவர், ஆதாரில் ஒரு தேதி, இஎஸ்ஐ பதிவில் இரண்டு ஆண்டு பிந்திய தேதி. அவரிடமே கேட்டேன். ஆடி மாதம், பெருமழை பெய்த ஆண்டு என்று அம்மா சொல்வார்கள் என்றார். பள்ளிச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கிறார். எந்த ஆண்டுப் பட்ஜெட்டில் அவரை எழுதுவது?

---

பழைய தணிக்கையாளர்

சான்றிதழ் கிடைக்கும்வரை முந்திய தேதியில் எழுதுங்கள். பணம் முதலிலேயே தயாராக இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஓய்வு எந்தத் தேதியில் என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள், அது அவருடைய இரண்டு ஆண்டுச் சம்பளம்.